மாம்பழ சீசனில் கட்டிய ரொக்கத்துக்கு பேங்க் விளக்கம் கேட்டால்: சேலம் சிறு வியாபாரிகளுக்கு ஒரு வழிகாட்டி

சேலத்தில் பழ மண்டி வைத்திருப்பவரின் கரண்ட் அக்கவுண்ட் வருஷம் முழுக்க ஒரே மாதிரி ஓடாது. வாழையும் கொய்யாவும் விற்கிற மாதங்களில் 80,000, ஒரு லட்சம் என்று ரொக்கம் கட்டுவார். ஏப்ரல் கடைசியில் வாழப்பாடி, அயோத்தியாபட்டணம் பக்கமிருந்து மாங்காய் வண்டிகள் வர ஆரம்பித்ததும் அதே கணக்கில் மாதம் 13 லட்சம் விழும். ஜூன் பிறந்ததும் பேங்கிலிருந்து கடிதம் வரும்: "தங்கள் கணக்கில் செலுத்தப்பட்ட ரொக்கத்தின் மூலத்தை உரிய ஆவணங்களுடன் விளக்கவும்."

இந்தக் கடிதம் வந்தவர்களில் பலர் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறார்கள். "சீசன் வியாபாரம் சார்" என்று கிளையில் வாயால் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் வீட்டில் இருக்கிற பில் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். இரண்டுமே பேங்க் கேட்டதற்குப் பதில் ஆகாது. பேங்க் கேட்பது நாலு தேதிகளில் கட்டிய நாலு தொகைகளைப் பற்றி. அந்தந்தத் தேதிக்கு முன்னால் அவ்வளவு ரொக்கம் உங்கள் கையில் எப்படிச் சேர்ந்தது என்று தேதி வாரியாகக் காட்டினால் வேலை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதற்குத்தான் கீழே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறது.

1. கடிதம் நிஜமா, எதைக் கேட்கிறது என்று பாருங்கள்

குறுஞ்செய்தியில் ஒரு லிங்க் வந்து "உங்கள் கணக்கு முடக்கப்படும், உடனே விவரம் பதியவும்" என்று இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். ஓ.டி.பி. கேட்கிற அழைப்புக்கும் பதில் சொல்லாதீர்கள். நேராக உங்கள் கிளைக்குப் போய், இப்படி ஒரு விளக்கம் கேட்டு அனுப்பியிருக்கிறீர்களா என்று கேளுங்கள். நிஜமான கடிதம் என்றால் அதைப் பற்றி கிளையில் தெரிந்திருக்கும்.

கடிதத்தில் மூன்று விஷயங்களை அடிக்கோடிடுங்கள்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை கேட்கிறார்கள், எந்தெந்த ஆவணம் கேட்கிறார்கள், எத்தனை நாளுக்குள் பதில் தர வேண்டும். கெடு பேங்குக்கு பேங்க் மாறும். போதாது என்று தெரிந்தால், கெடு முடிவதற்கு முன்பே "இன்ன தேதிக்குள் தருகிறேன்" என்று எழுத்தில் அவகாசம் கேளுங்கள். பதிலே வராமல் கெடு தாண்டிப் போனால்தான் கணக்கைக் கட்டுப்படுத்துகிற பேச்சு எழும்.

எதனால் உங்கள் கணக்கு கண்ணில் பட்டது என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். கணக்கு தொடங்கும்போது படிவத்தில் "எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனை" என்று ஒரு கட்டம் இருந்திருக்கும். பலர் அதில் 10 லட்சமோ 15 லட்சமோ எழுதியிருப்பார்கள், சிலருக்கு கிளை ஊழியரே நிரப்பியிருப்பார். பேங்கின் கம்ப்யூட்டர் அந்த எண்ணோடும் கடந்த மாதங்களின் வரவோடும் உங்கள் புது வரவை ஒப்பிடுகிறது. படிவத்தில் வருஷத்துக்கு 15 லட்சம் என்று இருக்க, மே மாதம் மட்டும் 13 லட்சம் வந்தால் மணி அடிக்கத்தான் செய்யும்.

இன்னொன்றும் உண்டு. 10 லட்சத்துக்கு மேற்பட்ட ரொக்கப் பரிவர்த்தனையையும், தனித்தனியாக அதற்குக் கீழே இருந்தாலும் ஒன்றோடொன்று தொடர்புள்ளதாய் ஒரே மாதத்தில் மொத்தம் 10 லட்சத்தைத் தாண்டுவதையும், பேங்குகள் மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். எல்லா வியாபாரிக்கும் பொதுவாகப் போகிற அறிக்கை அது. உங்கள் மேல் குற்றம் சாட்டியதாக நினைத்துப் பயப்பட வேண்டாம். அதை நிறுத்தச் சொல்லி மேனேஜரிடம் கெஞ்சவும் வேண்டாம், அவரால் முடியாது.

2. எடுத்து வைக்க வேண்டிய காகிதங்கள்

ஜி.எஸ்.டி. தாக்கல் செய்கிற கடைக்காரருக்கு இந்த இடத்தில் வேலை சுலபம், மாத ரிட்டர்னில் விற்பனைத் தொகை இருக்கும். லீ பஜார் மளிகைக் கடைக்காரர் அதை நீட்டிவிடலாம். புதிய மாம்பழத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அப்படி வரிவிலக்குள்ள பொருளை மட்டும் விற்பவர் பதிவு செய்யவும் தேவையில்லை. ஆகவே பழ மண்டிக்காரரிடம் காட்ட ரிட்டர்ன் இருக்காது. "ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் கொண்டு வாருங்கள்" என்று பேங்க் அச்சடித்த வரியாகக் கேட்டிருந்தால், ஏன் இல்லை என்பதைப் பதிலில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் மறைக்கிறார் என்று தோன்றும். மாம்பழக் கூழ், ஜாம் என்று பதப்படுத்தியதையும் விற்றால் அது வேறு கதை. அதற்கு வரி உண்டு.

ரிட்டர்ன் இல்லாத இடத்தை நிரப்புவது உங்கள் கடைக் காகிதங்கள்தான். தினசரி ரொக்க நோட்டு, விற்பனைச் சிட்டைகள், கடன் நோட்டு, தோட்டக்காரர்களிடம் வாங்கியதற்கான சீட்டு, எடைச் சீட்டு, வண்டி வாடகை ரசீது, ரொக்கம் கட்டிய சலானின் அடிக்கட்டை. இவற்றோடு பான் கார்டு, உதயம் பதிவு, உணவுப் பாதுகாப்புப் பதிவு, கடை வாடகை ரசீது, சென்ற ஆண்டின் வருமான வரித் தாக்கல் ஒப்புகை.

இவை எல்லாவற்றையும்விட எடுபடுவது ஒன்று இருக்கிறது, பலருக்கு அது தோன்றுவதில்லை. சென்ற ஆண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரைக்குமான உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட். போன மே மாதமும் இதே போல வரவு ஏறி ஜூலையில் இறங்கியிருந்தால், இது சீசன் வியாபாரம் என்பதற்கு பேங்கின் சொந்தப் பதிவே சாட்சி. வேறு பேங்கில் கணக்கு இருந்திருந்தால் அந்த ஸ்டேட்மென்டை எடுங்கள். நெட் பேங்கிங்கில் இறக்கினால் செலவில்லை. கிளை முத்திரையோடு வேண்டுமென்றால் சில பேங்குகள் கட்டணம் பிடிக்கும்.

ரொக்கம் போடும் மெஷினில் கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: அந்தச் சீட்டில் எழுத்து சில மாதத்தில் மங்கி வெறும் தாளாகிவிடும். பிளாஸ்டிக் உறையில் போட்டால் இன்னும் சீக்கிரம் மங்கும். கட்டிய அன்றே போட்டோ எடுத்து, தேதியும் தொகையும் ரொக்க நோட்டில் எழுதிவிடுங்கள்.

3. ரொக்கம் வந்த வழியைத் தேதி வாரியாகக் கணக்கிடுங்கள்

முழுப் பதிலின் முதுகெலும்பு இந்த ஒரு பக்கம். சூத்திரம் எளிது. கையிருப்பு, அதோடு ரொக்க விற்பனை, அதோடு வசூலான பழைய பாக்கி. அதிலிருந்து ரொக்கமாகக் கொடுத்தவற்றைக் கழித்தால் கட்டுவதற்கு எவ்வளவு இருந்தது என்று தெரியும். கட்டிய தொகை அதைவிடக் குறைவாகவோ சமமாகவோ இருக்க வேண்டும்.

ஓர் உதாரணம். மண்டிக்காரர் ஒருவர் 2025 மே மாதம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் முந்தைய வாரத்து ரொக்கத்தைக் கட்டியிருக்கிறார். மே 5 அன்று 2,40,000. மே 12 அன்று 3,10,000. மே 19 அன்று 4,60,000. மே 26 அன்று 2,90,000. மொத்தம் 13,00,000. அவருடைய ரொக்க நோட்டிலிருந்து எடுத்தது இது:

| விவரம் | ஏப். 28 – மே 4 | மே 5 – 11 | மே 12 – 18 | மே 19 – 25 |
|---|---|---|---|---|
| தொடக்கக் கையிருப்பு | 35,000 | 27,000 | 22,000 | 16,000 |
| ரொக்க விற்பனை | 3,20,000 | 3,95,000 | 4,10,000 | 3,70,000 |
| பழைய பாக்கி வசூல் | 0 | 0 | 1,35,000 | 0 |
| கூலி, வாடகை, வீட்டுச் செலவு | 48,000 | 52,000 | 55,000 | 50,000 |
| தோட்டக்காரருக்கு ரொக்கம் | 40,000 | 38,000 | 36,000 | 30,000 |
| கட்டக் கையில் இருந்தது | 2,67,000 | 3,32,000 | 4,76,000 | 3,06,000 |
| திங்களன்று கட்டியது | 2,40,000 | 3,10,000 | 4,60,000 | 2,90,000 |
| மீதிக் கையிருப்பு | 27,000 | 22,000 | 16,000 | 16,000 |

ஒவ்வொரு வாரத்து மீதியும் அடுத்த வாரத்தின் தொடக்கமாக வந்திருப்பதைப் பாருங்கள். படிக்கிற அதிகாரி முதலில் விரல் வைத்துப் பார்ப்பது அந்த வரியைத்தான். அது ஓர் இடத்தில் அறுந்தால் மற்ற எண்களின் மேலும் நம்பிக்கை போய்விடும்.

இந்தக் கணக்கைப் போடும்போது மூன்று இடங்களில் சறுக்குகிறார்கள்.

முதலாவது, யு.பி.ஐ. வரவை ரொக்க விற்பனையோடு சேர்ப்பது. கியூ.ஆர். அட்டையில் வந்த பணம் நேராகக் கணக்குக்குப் போய்விட்டது, அது கல்லாவுக்கு வரவே இல்லை. நாள் மொத்த விற்பனையை அப்படியே எழுதினால் அந்தப் பணம் இரண்டு தடவை கணக்கில் வந்துவிடும். அதே ஸ்டேட்மென்டில் யு.பி.ஐ. வரவைப் பார்க்கிற பேங்க் இதை உடனே பிடித்துவிடும்.

இரண்டாவது, கடனுக்குக் கொடுத்த சரக்கை விற்ற தேதியிலேயே ரொக்கமாக எழுதுவது. தள்ளுவண்டிக்காரர் மே 3 அன்று சரக்கு எடுத்து மே 15 அன்று காசு கொடுத்தால், ரொக்க நோட்டில் அது மே 15 அன்றுதான் ஏற வேண்டும்.

மூன்றாவதுதான் மோசமானது: கையிருப்பு ஏதாவது ஒரு நாளில் கழித்தல் குறிக்குப் போவது. வாரக் கணக்கில் சரியாக இருக்கும், நாள் கணக்கில் பார்த்தால் வெள்ளிக்கிழமை கையில் 1,10,000 இருக்க, அன்றே 1,50,000 கட்டியதாக வரும். மீதி 40,000 எங்கிருந்து வந்தது என்பதே அடுத்த கேள்வி. ஆகவே கட்டிய நாளன்று எவ்வளவு கையில் இருந்தது என்பதை நாள் நோட்டோடு ஒப்பிட்ட பிறகே வாரக் கணக்கைக் கொடுங்கள். வித்தியாசம் வந்தால் எண்ணைத் திருத்தி இழுத்துப் பிடிக்காதீர்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு வரவு எழுதாமல் விட்டுப் போயிருக்கும், சிட்டையைத் தேடிப் பாருங்கள்.

நாலு வாரத்தில் மூன்றாவது வாரம் தனியாகத் துருத்திக்கொண்டிருக்கிறது. 4,60,000 ஏன்? காரணம் பாக்கி வசூல். மூன்று சில்லறை வியாபாரிகள் முறையே 60,000, 45,000, 30,000 கொடுத்திருக்கிறார்கள். இதற்கு மட்டும் தனியாக அரைப்பக்கம் ஒதுக்குங்கள். யார், எப்போது எந்தச் சிட்டை எண்ணில் சரக்கு எடுத்தார்கள், எந்தத் தேதியில் பணம் கொடுத்தார்கள் என்று எழுதி, கடன் நோட்டின் அந்தப் பக்கங்களை நகல் எடுத்து வையுங்கள். மூன்று பேரிடமும் "இன்ன தேதியில் இவ்வளவு கொடுத்தேன்" என்று கையெழுத்திட்ட துண்டுச்சீட்டு வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. சந்தேகம் எழுகிற இடத்தில் ஆதாரத்தைக் கனமாக வைத்து, மற்ற வாரங்களை நோட்டு நகலோடு விட்டால் போதும்.

4. எடையைக் கொண்டு விற்பனையை உறுதிப்படுத்துங்கள்

ரொக்க நோட்டு நீங்களே எழுதியது. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் நம்ப வேண்டுமென்றால், வெளியார் ஒருவர் கொடுத்த காகிதம் ஏதாவது அதோடு ஒத்துப்போக வேண்டும். மண்டிக்கு அந்தக் காகிதம் எடைச் சீட்டு.

அதே மூன்றாவது வாரத்தை எடுத்துக்கொள்வோம். வந்த சரக்கு 6,480 கிலோ. அழுகலும் அடிபட்டதும் 230 கிலோ கழிந்தது. விற்றது 6,250 கிலோ. மல்கோவா, இமாம் பசந்த் ஒரு விலை, செந்தூரா, பெங்களூரா வேறு விலை. எல்லாம் கலந்து சராசரி 76 ரூபாய் என்றால் 4,75,000. அதில் 65,000 யு.பி.ஐ. மூலம் வந்தது, மீதி 4,10,000 ரொக்கம். ரொக்க நோட்டில் இருப்பதும் அதே 4,10,000.

அழுகலைக் காட்டாமல் விடாதீர்கள். வந்த எடையும் விற்ற எடையும் கிலோ பிசகாமல் ஒன்றாக இருக்கிற மாம்பழக் கணக்கைப் பார்த்தால், உட்கார்ந்து இட்டுக்கட்டியது என்றுதான் தோன்றும்.

அடுத்தது பணம் போன வழி. இந்த உதாரணத்தில் மே மாதம் தோட்டக்காரர்களுக்குக் கணக்கிலிருந்து 11,20,000 போயிருக்கிறது. ரொக்கம் உள்ளே வந்த சில நாட்களில் வாழப்பாடி, அயோத்தியாபட்டணம் கிளைகளில் உள்ள விவசாயிகளின் கணக்குகளுக்குப் பிரிந்து போயிருந்தால், சரக்குக்கான பணம்தான் இது என்று ஸ்டேட்மென்டே சொல்லிவிடும். அந்த வரிகளை மஞ்சள் பேனாவால் கோடிட்டுக் கொடுங்கள். வந்த ரொக்கம் முழுவதும் அன்றே ஒரே ஆளுக்கு மாறிப் போகிற கணக்கைத்தான் பேங்க் அதிகம் சந்தேகிக்கும்.

நோட்டுகளின் மதிப்பையும் பார்ப்பார்கள். தள்ளுவண்டிக்காரர்களிடமும் சின்னக் கடைகளிடமும் வாங்கிய பணத்தில் 100, 200, 500 கலந்துதான் இருக்கும், சலானின் பின்பக்கம் எழுதிய நோட்டு விவரமும் அப்படியே இருக்கும். முழுத் தொகையும் புத்தம் புது 500 ரூபாய்க் கட்டுகளாக இருந்தால் விளக்கம் வேண்டும். சில்லறை நோட்டை யாரிடமாவது கொடுத்து மாற்றியிருந்தால் அதையும் எழுதிவிடுங்கள்.

5. பதில் கடிதம்

ஒரே பக்கம், எண்ணிட்ட இணைப்புகளோடு. கிளை மேனேஜருக்குத் தமிழில் எழுதலாம். ஆனால் உங்கள் பதிலைப் படித்து முடிவெடுப்பவர் பெரும்பாலும் வேறு ஊரில் இருக்கிற கண்காணிப்புப் பிரிவில் இருப்பார், அவருக்குத் தமிழ் தெரியாமல் போகலாம். அதனால் ஆங்கிலத்தில் ஒரு பிரதியும் இணைத்துவிடுவது நல்லது. இரண்டிலும் தேதியும் தொகையும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள். மாதிரி:

> பெறுநர்: கிளை மேலாளர்
> பொருள்: கணக்கு எண் ______ இல் 5, 12, 19, 26 மே 2025 அன்று செலுத்திய ரொக்கம் குறித்த விளக்கம்
> பார்வை: தங்கள் கடிதம் எண் ______, நாள் ______
>
> ஐயா / அம்மையீர், நான் சேலத்தில் பழ மொத்த வியாபாரம் செய்கிறேன். மேற்கண்ட நான்கு நாட்களில் செலுத்திய மொத்தம் ரூ.13,00,000, ஏப்ரல் 28 முதல் மே 25 வரை நடந்த மாம்பழ விற்பனையிலும் பழைய பாக்கி வசூலிலும் கிடைத்தது. வார வாரியான ரொக்கக் கணக்கு இணைப்பு 1.
>
> மே 19 அன்று செலுத்திய ரூ.4,60,000 இல் பாக்கி வசூல் ரூ.1,35,000 சேர்ந்துள்ளது; விவரமும் கடன் நோட்டு நகலும் இணைப்பு 2.
>
> இதே காலத்தில் தோட்ட உரிமையாளர்களுக்கு இக்கணக்கிலிருந்து ரூ.11,20,000 அனுப்பப்பட்டுள்ளது, கோடிட்ட ஸ்டேட்மென்ட் இணைப்பு 3. எடைச் சீட்டுகள் இணைப்பு 4. சென்ற ஆண்டு இதே மாதங்களின் ஸ்டேட்மென்ட் இணைப்பு 5. வருமான வரித் தாக்கல் ஒப்புகை இணைப்பு 6.
>
> நான் விற்பது புதிய பழங்கள் மட்டுமே, அவற்றுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உள்ளதால் பதிவு இல்லை.
>
> எனது வியாபாரத்தில் ஏப்ரல் முதல் ஜூலை வரை ரொக்க வரவு கூடுதலாக இருக்கும். கணக்கு விவரத்தில் ஆண்டு விற்பனையை அதற்கேற்பத் திருத்தித் தர வேண்டுகிறேன்; படிவம் இணைப்பு 7.

"கஷ்டப்பட்டுச் சம்பாதித்த பணம்", "பல வருட வாடிக்கையாளர்" போன்ற வரிகளை விட்டுவிடுங்கள். படிக்கிறவர் தேடுவது தேதியும் தொகையும்தான்.

6. எழுதக் கூடாதவை, செய்யக் கூடாதவை

விவசாய வருமானம் என்று எழுதாதீர்கள், உங்கள் சொந்தத் தோட்டத்துக் காய் இல்லையென்றால். அதற்கு வரி இல்லை என்பதால் பலர் இந்தப் பக்கம் சாய்கிறார்கள். பிறர் தோட்டத்துக் காயை வாங்கி விற்பது வியாபாரம். பேங்க் உடனே சிட்டாவும் அடங்கலும் கேட்கும், அப்போது மாட்டிக்கொள்வீர்கள்.

நண்பரிடம் கைமாற்று வாங்கியது என்று எழுதுவதற்கு முன் ஒரு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. ரொக்கக் கணக்கில் இருக்கிற ஓட்டையை அடைக்க "நண்பர் 2 லட்சம் கொடுத்தார்" என்று எழுதினால், ஒரு கேள்விக்குப் பதிலாக இன்னொரு மீறலை நீங்களே எழுதிக் கொடுத்ததாகும்.

அதே போல, ஒரே ஆளிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. ஒரே வியாபாரத்துக்கான தொகையைப் பல நாட்களில் பிரித்து வாங்கினாலும் இது பொருந்தும். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்கலாம். பெரிய கடைக்காரர் ஒருவர் மூன்று லட்சம் பாக்கியைக் கையில் கொடுக்க வந்தால், கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

தொகையை உடைத்துக் கட்டாதீர்கள். 49,000, 49,000 என்று தினமும் கட்டினாலும், இரண்டு கிளையில் பாதிப் பாதியாகக் கட்டினாலும், கம்ப்யூட்டர் அதைச் சேர்த்துத்தான் பார்க்கிறது. நேர்மையான வியாபாரப் பணம்கூட இப்படிக் கட்டினால் ஒளித்துக் கட்டியதுபோல் தெரியும். உள்ளதை வாரம் ஒரு நாள் மொத்தமாகக் கட்டுவதுதான் விளக்குவதற்கு எளிது.

யாருக்காகவும் அவருடைய பணத்தை உங்கள் கணக்கில் கட்டி எடுத்துக் கொடுக்காதீர்கள். மச்சான் நிலம் விற்ற பணமாக இருந்தாலும் சரி. ஏற்கனவே அப்படி ஒரு தொகை உள்ளே வந்திருந்தால் விற்பனையில் கலக்காமல், யாருடையது, எதற்காக, அதற்கு என்ன பத்திரம் இருக்கிறது என்று தனியாக எழுதுங்கள். அந்த நிலையில் பதில் கொடுப்பதற்கு முன் ஆடிட்டரைப் பார்ப்பது அவசியம்.

பேங்குக்குச் சொல்கிற விற்பனையும் வருமான வரித் தாக்கலில் காட்டுகிற விற்பனையும் வேறுபடவே கூடாது. கரண்ட் அக்கவுண்டில் ஒரு நிதியாண்டில் மொத்தம் 50 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கட்டினால், பேங்க் அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கிறது. வருமான வரித் தளத்தில் உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்தால் அதில் தெரியும். இங்கே 60 லட்சம் விற்பனை, அங்கே 20 லட்சம் என்றால் பேங்க் விட்டாலும் அந்தத் துறை விடாது.

7. கொடுப்பதும் காத்திருப்பதும்

இரண்டு செட் எடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, கடை முத்திரை, பக்க எண். கிளையில் ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையை எடுத்து வையுங்கள். கூடவே உங்கள் பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்தும் ஸ்கேன் செய்து அனுப்பிவிடலாம். மூல நோட்டை யார் கேட்டாலும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டலாம், நகல்தான் கொடுக்க வேண்டும்.

செலவு நகல் எடுக்கிற காசு, தபால் காசு, அவ்வளவுதான். பேங்க் கேட்காத பட்சத்தில் முத்திரைத்தாளில் உறுதிமொழி, நோட்டரி எதுவும் வேண்டாம். ஆடிட்டர் சான்றிதழும் கேட்டால் மட்டும் போதும். வாங்கினால் அதில் 18 இலக்க யு.டி.ஐ.என். எண் இருக்கிறதா என்று பாருங்கள், பேங்க் அதை வைத்துத்தான் சான்றிதழ் நிஜமா என்று சரிபார்க்கும்.

சில நாளில் கூடுதலாக ஒன்றிரண்டு கேள்விகள் வரலாம். அவற்றுக்கும் எழுத்தில்தான் பதில். கவுண்டரில் கேட்டதற்கு வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு, பிறகு கடிதத்தில் வேறு மாதிரி எழுதினால் இரண்டும் பதிவில் நிற்கும். பல நேரம் எந்தப் பதிலும் வராது. "உங்கள் விளக்கம் ஏற்கப்பட்டது" என்று கடிதம் கொடுக்கிற வழக்கம் எல்லா இடத்திலும் இல்லை. உள்ளுக்குள் ஏதாவது அறிக்கை அனுப்பினார்களா என்று கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். அதைச் சொல்லக் கூடாது என்பது சட்டம்.

8. கணக்கில் பணம் எடுக்க முடியாமல் போனால்

முதலில், யார் நிறுத்தியது என்று எழுத்தில் கேளுங்கள். பேங்கே தன் விளக்கத்துக்காக நிறுத்தியிருந்தால் மேலே சொன்ன கோப்பு போதும். காவல்துறை சைபர் பிரிவு சொல்லி நிறுத்தியிருந்தால், பொதுவாக உங்கள் கணக்குக்கு யு.பி.ஐ.யில் வந்த ஏதோ ஒரு தொகை மோசடிப் பணமாக இருந்திருக்கும். அந்தப் புகார் எண்ணையும் காவல் நிலையத்தையும் பேங்கிடம் வாங்கி, அந்தத் தொகைக்கான விற்பனைச் சிட்டையோடு அங்கே பேச வேண்டும். வரித் துறை முடக்கியிருந்தால் ஆடிட்டர் இல்லாமல் நகர வேண்டாம். மூன்றுக்கும் பாதை வேறு. தெரியாமல் மேனேஜரிடமே பத்து தடவை போவதில்தான் சீசன் போய்விடுகிறது.

பேங்கே நிறுத்தி, முழு விளக்கம் கொடுத்த பிறகும் நகராவிட்டால், பேங்கின் குறைதீர்ப்புப் பிரிவில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். cms.rbi.org.in தளத்தில் பதிய வேண்டும், கட்டணம் இல்லை. அங்கே கேட்கிற முதல் காகிதம், நீங்கள் பேங்குக்குக் கொடுத்து முத்திரை வாங்கிய அந்தப் பிரதிதான்.

9. அடுத்த சீசனுக்கு முன்னால்

மார்ச் மாதத்திலேயே கிளைக்குப் போய் உங்கள் கணக்கு விவரத்தில் ஆண்டு விற்பனை எவ்வளவு என்று பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். பழைய எண் என்றால் சென்ற ஆண்டு வரித் தாக்கலைக் காட்டித் திருத்துங்கள். "ஏப்ரல் முதல் ஜூலை வரை மாதம் சுமார் இவ்வளவு ரொக்கம் கட்டப்படும், காரணம் மாம்பழ வியாபாரம்" என்று ஒரு கடிதமும் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கி வையுங்கள். உங்களுக்குப் பதில் கடைப் பையனோ தம்பியோ ரொக்கம் கட்டப் போவதாக இருந்தால் அவர் பெயரையும் அதிலேயே குறிப்பிடுங்கள்.

கடையில் மாற்ற வேண்டியது ஒன்றுதான். இரவு கல்லா எண்ணும்போது ரொக்கம், யு.பி.ஐ., கடன் மூன்றையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். பத்து நிமிஷ வேலை. இந்த மூன்று பத்தி இருந்தால், மேலே காட்டிய அட்டவணையை எந்த மாதத்துக்கும் ஒரு மாலையில் போட்டுவிடலாம். இல்லாவிட்டால் சீசன் முடிந்த பிறகு சிட்டைகளைத் தரையில் பரப்பி, எது ரொக்கம், எது கடன் என்று ஞாபகத்தில் பிரிக்க வேண்டிவரும். நோட்டு, எடைச் சீட்டு, பேங்குக்குக் கொடுத்த பதில் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் ஆறு ஆண்டாவது வைத்திருங்கள், வரித் துறை கேட்கும்போதும் தேவைப்படுவது இதே காகிதங்கள்தான்.